வங்கியில் ஒரு வரி, அறிக்கையில் ஆயிரம் வரி

ஈரோட்டில் போர்வையும் துண்டும் இணையம் வழியாக விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை காலை அதன் வங்கிக் கணக்கில் 5,146 ரூபாய் 60 காசு வரவாகிறது. வங்கி அறிக்கையில் அதற்கு ஒரே ஒரு வரிதான். பேமெண்ட் கேட்வே நிறுவனத்தின் பெயர், யூ.டி.ஆர். எனப்படும் பரிமாற்ற எண், தொகை. கடையின் விற்பனைப் பதிவைப் புரட்டினால் 5,146.60 என்று எந்தப் பில்லும் இல்லை. கணக்கு எழுதுபவர் கேட்கிறார்: ‘இது எந்தப் பணம்?’

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆவணம்தான் செட்டில்மெண்ட் அறிக்கை. கடை வளர வளர அந்த அறிக்கையைத் தினமும் கையால் இறக்கிக்கொண்டிருக்க முடியாது. ஏபிஐ வழியாகக் கடையின் மென்பொருளே போய் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு அனுமதி கேட்டும், ஒரு நாளில் எத்தனை முறை கேட்கலாம் என்ற வரம்பைத் தெரிந்துகொள்ளவும் எழுதப்படும் கடிதம் பற்றியது இந்தக் கட்டுரை. சின்னக் கடிதம்தான். ஆனால் பலர் அதை ‘ஏபிஐ அனுமதி வேண்டும், ஆவன செய்யவும்’ என்று இரண்டு வரியில் அனுப்பிவிடுகிறார்கள். பிறகு மார்ச் மாதக் கணக்கு முடிக்கையில் பல ஆயிரம் ரூபாய் எங்கே போயிற்று என்று தேடுகிறார்கள்.

முதலில் அந்த 5,146.60 எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம்.

வாடிக்கையாளர் செலுத்தும் பணம் நேராகக் கடைக்கு வருவதில்லை. பணம் திரட்டித் தரும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17இல் விதிமுறை வெளியிட்டது. வங்கியல்லாத நிறுவனம் அப்படித் திரட்டிய பணத்தை ஒரு வணிக வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் தனியாக வைத்திருந்து, பிறகு வணிகருக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். அப்படி அனுப்பும்போது பல பில்களின் பணம் ஒரே தொகையாகச் சேர்ந்து வருகிறது. வழியில் கட்டணம் கழிகிறது. முன்பு விற்றுத் திரும்பி வந்த சரக்குக்கான ரீஃபண்டும் அதிலேயே கழிகிறது.

நம் கடையில் மூன்று பில்கள்: 2,000 ரூபாய், 1,500 ரூபாய், 3,000 ரூபாய். கட்டணம் நூற்றுக்கு இரண்டு ரூபாய், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று கொள்வோம். முதல் பில்லுக்குக் கட்டணம் 40 ரூபாய், அதன் வரி 7.20, ஆகக் கழிவு 47.20. இரண்டாவதில் 35.40. மூன்றாவதில் 70.80. மொத்தக் கழிவு 153.40. போன வாரம் விற்ற ஒரு போர்வை திரும்பி வந்ததால் 1,200 ரூபாய் ரீஃபண்ட். 6,500இல் 153.40ஐயும் 1,200ஐயும் கழித்தால் 5,146.60. கணக்கு டேலி ஆகிவிட்டது.

இதில் கட்டணத்தின் மீதான ஜி.எஸ்.டி. 23.40 ரூபாயைக் கடைக்காரர் தனியாக எடுத்து வைக்க வேண்டும். முறையான வரிப் பில் இருந்து, அது ஜி.எஸ்.டி.ஆர்-2பி படிவத்திலும் வந்திருந்தால், உள்ளீட்டு வரி வரவாக அதை எடுத்துக்கொள்ளலாம். வங்கியின் ஒற்றை வரியை மட்டும் பார்த்து ‘விற்பனை 5,146.60’ என்று எழுதும் கடை இரண்டு வகையில் தவறுகிறது. விற்பனை குறைவாகக் காட்டப்படுகிறது, அது வரித் துறையிடம் சிக்கல். வரவாக வேண்டிய வரியும் கைவிட்டுப் போகிறது. அறிக்கையின் ஒவ்வொரு வரியும் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

மூன்று பில்லுக்கு இந்தக் கணக்கைத் தாளில் போடலாம். நம் கடைக்கு ஒரு நாள் செட்டில்மெண்டில் 1,180 கட்டணங்கள், 42 ரீஃபண்டுகள், 3 திருத்தங்கள், ஆக 1,225 வரிகள் என்றால்? டேஷ்போர்டில் நுழைந்து, தேதியைத் தேர்ந்து, கோப்பை இறக்கி, எக்செல்லில் திறந்து, டேலிக்குக் கொண்டுபோக வேண்டும். பொறுப்பானவர் விடுப்பில் போன இரண்டு நாள் விட்டுப்போகும். ஒரே நாள் இருமுறை இறங்கும். எக்செல் வேறு 12 இலக்கப் பரிமாற்ற எண்ணை 4.12E+11 என்று சுருக்கிக் காட்டும். அதை அப்படியே இன்னொரு கோப்பாகச் சேமித்தால் எண்ணின் கடைசி இலக்கங்கள் தொலைந்துபோகும். அதற்குப் பிறகு வங்கி வரியோடு பொருத்தவே முடியாது.

அதனால்தான் ஏபிஐ. டேஷ்போர்டில் ஆள் அழுத்தும் பொத்தானுக்குப் பதிலாக, மென்பொருள் ஒரு முகவரிக்குக் கேள்வி அனுப்புகிறது. ஒவ்வொரு கேள்வியையும் ஓர் அழைப்பு என்பார்கள். ரேஸர்பே நிறுவனத்தின் வெளியிடப்பட்ட ஆவணத்தில் அந்தக் கேள்வி இப்படி இருக்கிறது:

```
GET /v1/settlements/recon/combined
    ?year=2025&month=11&day=14&count=1000&skip=0
```

2025 நவம்பர் 14ஆம் தேதி செட்டில்மெண்டின் வரிகளில் முதல் ஆயிரத்தைக் கொடு என்று பொருள். `count` என்பது ஒரு முறையில் எத்தனை வரி, `skip` என்பது எத்தனை வரியைத் தாண்டித் தொடங்க வேண்டும். அடுத்த அழைப்பில் `skip=1000` என்று மாற்றினால் மீதி 225 வரிகள் வரும். ஆயிரத்துக்குக் குறைவாக வந்தால் அதுதான் கடைசிப் பக்கம். ஆக, இரண்டே அழைப்பில் நாள் முடிந்தது.

இங்கேதான் கடிதத்தின் பலம் இருக்கிறது. `count` எழுத மறந்தால் அதே தளம் ஒரு முறைக்குப் பத்து வரிதான் தரும். அப்போது 1,225 வரிக்கு 123 அழைப்புகள் வேண்டும். இன்னும் மோசமான வழியும் உண்டு, அதை நிறையப் பேர் செய்கிறார்கள். ‘இந்த ஆர்டருக்குப் பணம் செட்டில் ஆகிவிட்டதா?’ என்று ஒவ்வொரு ஆர்டருக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும்படி மென்பொருள் எழுதிவிடுவார்கள். 1,180 ஆர்டர், நாளுக்கு 288 முறை. பெருக்கினால் 3,39,840 அழைப்புகள். தேவைப்பட்டது இரண்டு.

தளத்தின் உதவிப் பிரிவில் கடிதத்தைப் படிப்பவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ‘எங்களுக்கு வரம்பை உயர்த்திக் கொடுங்கள்’ என்று மட்டும் எழுதினால், இந்தக் கடை மூன்று லட்சம் ரகமா, இரண்டு ரகமா என்று அவருக்குத் தெரியாது. ‘நாளுக்கு இரண்டு அழைப்பு, தீபாவளிச் சமயத்தில் ஐந்து’ என்று எழுதினால் அவர் மறுக்கக் காரணமே இருக்காது. பெரும்பாலான கடைகளுக்கு உயர்த்தப்பட்ட வரம்பு தேவையே இல்லை என்பது என் கருத்து. இருக்கும் வரம்பு என்ன, அதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று எழுத்தில் தெரிந்தால் போதும்.

வரம்பு எப்படி வேலை செய்கிறது? குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அழைப்பும் ஒரு டம்ளர் மொண்டுகொள்கிறது. குடம் நிறைந்திருக்கையில் மளமளவென்று நாலைந்து டம்ளர் எடுக்கலாம். அதற்குப் பிறகு சொட்டும் வேகத்துக்குத்தான் எடுக்க முடியும். குடம் காலியான நேரத்தில் கேட்டால் 429 என்ற எண்ணோடு பதில் திரும்பும். ‘அளவுக்கு மீறிய கோரிக்கைகள்’ என்று அதற்குப் பொருள். 2012இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6585 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இந்த எண்ணை முறைப்படுத்தியது. எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதையும் `Retry-After` என்ற தலைப்பில் தளம் சேர்த்துச் சொல்லலாம் என்கிறது அந்த ஆவணம். சொல்லியே தீர வேண்டும் என்று இல்லை. ஆகவே அது நம் கடிதத்தில் ஒரு கேள்வி.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: குடம் யாருடையது? வரம்பு ஒவ்வொரு சாவிக்கும் தனியா, கடையின் கணக்கு முழுவதற்கும் ஒன்றா? கடையின் இணையதளமும் அதே தளத்தோடுதான் பேசுகிறது. வாடிக்கையாளர் ‘பணம் செலுத்து’ என்று அழுத்தும்போது பல தளங்களில் ஓர் ஆர்டரை உருவாக்க அங்கே ஓர் அழைப்பு போகிறது. அறிக்கை எடுக்கும் மென்பொருளும் விற்பனைப் பக்கமும் ஒரே குடத்தில் மொண்டால், தீபாவளிக்கு முந்தின இரவு எட்டு மணிக்குக் கணக்கு மென்பொருள் கிறுக்குப் பிடித்தாற்போல் அழைக்கத் தொடங்குகையில் விற்பனைப் பக்கத்துக்கு 429 வரும். வாடிக்கையாளருக்குத் தெரிவது ‘ஏதோ பிழை, மீண்டும் முயல்க’ என்பதுதான். அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். கணக்குப் பார்க்கும் வேலை வியாபாரத்தையே நிறுத்திவிடக் கூடாது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் வாங்கவாவது கடிதம் எழுத வேண்டும்.

சரி, கடிதத்தை யார் எழுதுவது? மென்பொருள் செய்து தருபவர் தன் மின்னஞ்சலிலிருந்து எழுதினால் பதில் வராது, வரவும் கூடாது. ஒரு கடையின் பணப் பரிமாற்றத்தை இன்னொருவர் கேட்கிறார் என்றுதான் தளம் பார்க்கும். தளத்தில் பதிவான கடையின் மின்னஞ்சலிலிருந்து, உரிமையாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத வேண்டும். வணிகர் அடையாள எண்ணைக் குறிப்பிட வேண்டும். ரகசியச் சாவியை எக்காரணம் கொண்டும் கடிதத்தில் ஒட்டக் கூடாது. ‘எங்கள் சாவி இதுதான், ஏன் வேலை செய்யவில்லை?’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். சாவியின் அதிகாரத்தைப் பொறுத்து, அந்த அஞ்சலைப் படிக்கும் எவரும் ரீஃபண்ட் கொடுக்கவும் முடியும். தவறி ஒட்டிவிட்டால் அந்தச் சாவியை உடனே ரத்து செய்து புதியது எடுக்க வேண்டும்.

அதே காரணத்துக்காகத்தான் படிக்க மட்டும் உரிமையுள்ள சாவியைக் கேட்க வேண்டும் என்கிறேன். ஸ்ட்ரைப் போன்ற தளங்களில் எதைப் படிக்கலாம், எதை மாற்றலாம் என்று வரையறுத்த சாவியை வணிகரே உருவாக்கிக்கொள்ளலாம். எல்லாத் தளத்திலும் அந்த வசதி இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லையென்றால், குறிப்பிட்ட ஐ.பி. முகவரியிலிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்க முடியுமா என்று கேட்கலாம்.

எழுதும் முன் தளத்தின் ஆவணத்தைப் படித்துவிட வேண்டும். அதில் அச்சாகியிருப்பதைக் கடிதத்தில் கேட்டால் ‘ஆவணத்தைப் பார்க்கவும்’ என்ற ஒரு வரிப் பதில்தான் வரும், உண்மையான கேள்விகளும் அதோடு போய்விடும். தளத்துக்குத் தளம் விதிகளும் மாறும். பேபால் தளத்தின் பரிவர்த்தனைத் தேடலில் ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 31 நாள், ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 500 வரி. நடந்த பரிவர்த்தனை அங்கே தெரிய மூன்று மணி நேரம் வரை ஆகலாம் என்றும் அதன் ஆவணம் சொல்கிறது. இதைப் படிக்காமல் ஒரு வருடக் கணக்கை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டு, அனுமதி இல்லை போலிருக்கிறது என்று புகார் எழுதினால் பயன் இல்லை.

நம் ஈரோட்டுக் கடைக்கு நான் எழுதிக் கொடுத்தால் கடிதம் இப்படி இருக்கும். நடைமுறையில் இத்தகைய கடிதங்கள் ஆங்கிலத்தில்தான் போகின்றன, பொருள் ஒன்றுதான்.

‘பொருள்: செட்டில்மெண்ட் அறிக்கையை ஏபிஐ வழியாகப் படிக்க அனுமதியும், அழைப்பு வரம்பு விவரமும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் வணிகர் அடையாள எண் மேலே உள்ளது. உங்கள் தளம் வழியாக எங்களுக்கு ஒரு நாள் செட்டில்மெண்டில் சுமார் 1,225 வரிகள் வருகின்றன. பண்டிகைக் காலத்தில் இது நான்கு மடங்காகலாம். இவற்றை வங்கி வரவோடும் எங்கள் பில்களோடும் பொருத்த, செட்டில்மெண்ட் அறிக்கையை ஏபிஐ வழியாகப் படிக்க விரும்புகிறோம். படிக்கும் உரிமை மட்டும் போதும். ரீஃபண்ட், பணமாற்றம் முதலிய உரிமைகள் இந்தச் சாவிக்கு வேண்டாம். வாடிக்கையாளரின் கார்டு விவரம், கைபேசி எண், மின்னஞ்சல் எங்களுக்குத் தேவையில்லை.

தினமும் அதிகாலை 4.37 மணிக்கு, முந்தைய நாளின் அறிக்கையை ஆயிரம் ஆயிரம் வரியாக எடுப்போம். வழக்கமான நாளில் 2 அழைப்பு, பண்டிகை நாளில் 5. மறுமுயற்சிகள் சேர்த்தும் நாளுக்கு 20 அழைப்பைத் தாண்டாது. ஒரே சமயத்தில் ஓர் அழைப்புதான் செல்லும். இது தவிர, ஏப்ரல் 1 முதல் டிசம்பர் 31 வரையான 275 நாள் கணக்கை ஒரு முறை எடுக்க வேண்டும். நாளுக்கு மூன்று வீதம் அதிகபட்சம் 825 அழைப்புகள். இரண்டு விநாடிக்கு ஒன்றாக ஒரு ஞாயிறு அதிகாலையில் அனுப்பினால் அரை மணி நேரத்துக்குள் முடியும். இதற்கு உங்களுக்கு வசதியான வேறு நேரம் இருந்தால் தெரிவிக்கவும்.

பின்வருவனவற்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். வரம்பு எவ்வளவு, அது விநாடிக்கா, நிமிடத்துக்கா, நாளுக்கா? சாவி வாரியாகவா, எங்கள் கணக்கு முழுவதற்குமா? எங்கள் இணையதளத்தின் ஆர்டர் அழைப்புகளும் அதில் சேருமா? வரம்பைத் தாண்டினால் 429 பதிலோடு காத்திருக்க வேண்டிய நேரமும் வருமா? ஒரு நாளின் அறிக்கை எத்தனை மணிக்கு இறுதியாகும், இறுதியான பின் அதில் வரிகள் சேருமா? தேதி இந்திய நேரப்படியா? எவ்வளவு காலம் பின்னோக்கி எடுக்கலாம்? வரம்போ, அறிக்கையின் வடிவமோ மாறினால் எங்களுக்கு எப்படித் தெரிவிப்பீர்கள்?’

4.37 என்ற நேரம் விளையாட்டுக்கு எழுதியதல்ல. நள்ளிரவு 12, காலை 6 என்று முழு மணி நேரத்தில் நாடெங்கும் உள்ள கடைகளின் மென்பொருள்கள் ஒன்றாக விழித்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் தளம் திணறும். இடைப்பட்ட நிமிடத்தில் கேட்பவருக்கு உடனே பதில் கிடைக்கும். மறுமுயற்சியிலும் இதே நியாயம் உண்டு. 429 வந்தால் ஒரு விநாடி, பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டிக்க வேண்டும். அதோடு கொஞ்சம் ஏறுமாறான நேரத்தையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றாக மறுக்கப்பட்டவர்கள் ஒன்றாகவே திரும்பி வருவார்கள்.

கார்டு விவரம் வேண்டாம் என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் வாடிக்கையாளரின் கார்டு எண்ணைச் சேமித்து வைக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. கைபேசி எண்ணைப் பொறுத்தவரை, தேவையற்ற ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதைக் காக்கும் பாரத்தையும் சுமப்பானேன்?

கடிதத்தில் நான் மிகவும் அக்கறை காட்டும் இடம், அறிக்கை எப்போது இறுதியாகும் என்ற கேள்வி. நம் மென்பொருள் முதல் ஆயிரம் வரியை எடுத்துவிட்டது. அடுத்த பக்கம் கேட்பதற்குள் பட்டியலின் மேற்பகுதியில் மூன்று புது வரிகள் சேர்ந்துவிட்டன என்று வையுங்கள். இப்போது ‘ஆயிரத்தைத் தாண்டிக் கொடு’ என்றால், முன்பு 998, 999, 1000ஆக இருந்த வரிகள் மீண்டும் வரும். மூன்று பில்கள் இரட்டையாகப் பதிவாகும். புதிதாகச் சேர்ந்த மூன்றும் நமக்குக் கிடைக்காது. மொத்த வரி எண்ணிக்கை என்னவோ சரியாகவே தோன்றும். நாள் முடிந்து அறிக்கை நிலைத்த பிறகு படிப்பதும், ஒவ்வொரு வரிக்கும் உள்ள `entity_id` இருமுறை வந்தால் கண்டுகொள்வதும்தான் இதற்கு மருந்து.

இதைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று. முதல் பக்கம் வருகிறது. இரண்டாம் பக்கத்துக்கு 429 வருகிறது. மென்பொருள் எழுதியவர், பிழை வந்தால் அதுவரை வந்ததைச் சேமித்துவிட்டு நிறுத்து என்று எழுதியிருக்கிறார். கோப்பு உருவாகிவிடுகிறது. திறந்தால் தலைப்புகள் உள்ளன, எண்கள் உள்ளன, எதுவும் குறையாகத் தெரியாது. 225 வரிகள் இல்லை என்று அந்தக் கோப்பு தன் வாயால் சொல்லாது. மறுப்பு வந்தால் நமக்குத் தெரிந்துவிடும், பாதி அறிக்கை வந்தால் தெரியாது. அதுதான் ஆபத்து. ஆகவே எல்லாப் பக்கமும் வந்த பிறகே அந்த நாளை ‘முடிந்தது’ என்று குறிக்க வேண்டும். கோப்பில் வரிகள் மிகச் சரியாக 10 என்றோ, 1,000 என்றோ இருந்தால் சந்தேகப்படுங்கள். வியாபாரம் அவ்வளவு உருண்டையான எண்ணில் நடப்பதில்லை.

சந்தேகம் தீர்க்கும் சோதனை எளிது. அறிக்கையில் ஒவ்வொரு வரியிலும் `settlement_id` இருக்கும், `credit` என்ற வரவும் `debit` என்ற பற்றும் இருக்கும், `settlement_utr` இருக்கும். ஒரே செட்டில்மெண்டின் வரவையெல்லாம் கூட்டி, பற்றையெல்லாம் கழித்தால், அதே யூ.டி.ஆர். எண்ணில் வங்கியில் வந்த தொகை காசு சுத்தமாக வர வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசத்தைக்கூட ‘பரவாயில்லை’ என்று விடக் கூடாது. எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். வங்கியில் வந்த ஒவ்வொரு யூ.டி.ஆர். எண்ணுக்கும் அறிக்கையில் வரிகள் இருக்கின்றனவா? ஒரு செட்டில்மெண்ட் முழுவதுமே விட்டுப்போயிருந்தால் முதல் சோதனையில் அது தெரியாது.

வித்தியாசம் வந்தால் அதன் அளவே காரணத்தைக் காட்டும். நம் சின்னக் கணக்கில் 5,146.60க்குப் பதில் 5,123.20 வந்தால், குறைவது 23.40. அது கட்டணத்தின் மீதான ஜி.எஸ்.டி. அப்படியே. ரேஸர்பே அறிக்கையில் `fee` என்ற தொகைக்குள் வரியும் அடக்கம், `tax` அதன் ஒரு பகுதியைத் தனியாகக் காட்டுவது மட்டுமே. இரண்டையும் கழித்தால் வரி இருமுறை கழிந்துவிடும். தொகை நூறு மடங்காகத் தெரிந்தால் காசை ரூபாயாக வாசித்துவிட்டார்கள் என்று பொருள். ஏபிஐயில் 2,000 ரூபாய் என்பது 200000 என்று காசுக் கணக்கில்தான் வரும்.

நேரக் கணக்கில் நடக்கும் தவறு மார்ச் மாதக் கடைசியில் வெளிப்படும். அறிக்கையில் நேரம் 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணிய விநாடிகளாக இருக்கும். அதைக் கிரீன்விச் நேரமாக வாசித்தால் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகும். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு நடந்த விற்பனை மார்ச் 31 இரவு எட்டரைக்கு நடந்ததாகப் பதிவாகி, முந்தைய நிதியாண்டில் விழுந்துவிடும். இன்னொன்று, மார்ச் 31இல் விற்றது ஏப்ரல் 2இல் செட்டில் ஆகும். விற்பனை பழைய ஆண்டில், பணம் புதிய ஆண்டில். ஆடிட்டர் கேட்கும் ‘வர வேண்டிய தொகை’ இதுதான். `created_at`, `settled_at` இரண்டும் சரியான நேரத்தில் வாசிக்கப்பட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் அந்தப் பட்டியல் கிடைத்துவிடும்.

பதில் கடிதம் எப்படி வரும்? நல்ல பதிலில் எண் இருக்கும், அது எதற்குப் பொருந்தும் என்றும் இருக்கும். ‘நியாயமான பயன்பாடு அனுமதிக்கப்படும்’ என்று மட்டும் வந்தால் வரம்பு தெரியாது என்றே கொள்ள வேண்டும். கடிதத்தில் நாம் எழுதிய அளவைச் சுட்டி, ‘நாளுக்கு 20, ஒருமுறை மட்டும் 825, இது உங்கள் வரையறைக்குள் வருமா?’ என்று ஆம், இல்லை என்ற பதில் வரும்படி மறுபடி கேட்கலாம். வரம்பு கணக்கு முழுவதற்கும் ஒன்றே என்று பதில் வந்தால், அறிக்கை எடுக்கும் வேலையை விற்பனை குறைந்த அதிகாலையை விட்டு நகர்த்தவே கூடாது. சில தளங்கள் செட்டில்மெண்ட் முடிந்ததும் தாமே தகவல் அனுப்பும். ரேஸர்பேயில் அதன் பெயர் `settlement.processed`. அதைப் பயன்படுத்தினால் ‘வந்ததா, வந்ததா’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் அழைப்புகளே வேண்டாம். அந்தத் தகவல் தளத்திலிருந்துதான் வந்தது என்பதைக் கையொப்பத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே தகவல் இருமுறை வந்தாலும் குழம்பாதபடி மென்பொருள் இருக்க வேண்டும்.

அனுமதி கிடைத்த முதல் இரண்டு வாரம் பழைய வழியையும் விடக் கூடாது. டேஷ்போர்டிலிருந்து கையால் இறக்கிய கோப்பு, ஏபிஐ தந்த வரிகள், வங்கி அறிக்கை மூன்றையும் நாள்தோறும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு ரீஃபண்டும் ஒரு திருத்தமும் வந்திருந்தால் நல்லது. பெரும்பாலான பிழைகள் அவற்றில்தான் ஒளிந்திருக்கும். பிறகு ஒரு ஞாயிறு அதிகாலை அந்த 825 அழைப்புகளையும் அனுப்பி, வந்த பதிலை மாற்றமே செய்யாமல் மூல வடிவிலேயே சேமித்து வைக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. தளத்தின் டேஷ்போர்டு அத்தனை ஆண்டு பின்னோக்கிக் காட்டுமா என்பது, கடிதத்தில் கேட்ட கேள்விக்கு அவர்கள் தரும் பதிலைப் பொறுத்தது.